சூடு எங்கே என்று பார்: அசெம்பிளியில் பேச ஒரு சார்ஜிங் உரை, அறிகுறி வாரியாக

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சார்ஜிங் பாதுகாப்பு பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று சொன்னால் வழக்கமாக என்ன நடக்கும் என்று தெரியும்தானே. இரவெல்லாம் சார்ஜ் போடாதே, மலிவான சார்ஜர் வாங்காதே, சார்ஜில் இருக்கும்போது பேசாதே என்று வரிசையாகத் தடை உத்தரவு வரும், வெயிலில் நிற்கிற பிள்ளைகள் அடுத்து நாட்டுப்பண் எப்போது என்று பார்ப்பார்கள். இதில் பாதித் தடைக்கு ஏன் என்று சொல்லப்படுவதே இல்லை, மீதிப் பாதியை எல்லோரும் தினமும் மீறுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை, அதனால் உண்மையில் ஆபத்தான ஒன்றிரண்டு விஷயமும் அந்தக் கூட்டத்திலேயே காணாமல் போய்விடுகிறது.

அதனால் நான் இதை மாற்றி எழுதியிருக்கிறேன். என்ன அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்கிற மாதிரி. முதலில் மைக்கில் படிக்கிற சின்ன உரை. அதற்குக் கீழே, கூட்டம் முடிந்ததும் "சார், என் போன் இப்படி ஆகுது" என்று வந்து நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விவரம். ஆசிரியரோ வார்டனோ பன்னிரண்டாம் வகுப்பு மாணவரோ, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

மைக்கில் படிக்க

பிள்ளைகளா, இன்றைக்கு போனை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று பேச வரவில்லை. அது வேறு சண்டை. இன்றைக்கு சார்ஜ் போடுவது மட்டும்.

இன்று இரவு சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து மூன்று இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சார்ஜர், போன், அப்புறம் சுவரில் இருக்கிற சாக்கெட்டின் முகப்பு அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மேல்பக்கம். ஈரக்கையோடு வேண்டாம், பிளக்கின் பித்தளைக் கம்பியைத் தொடவே வேண்டாம், பிளாஸ்டிக்கை மட்டும்.

சார்ஜர் வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை, அது அதன் வேலை. உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பத்து எண்ண முடியவில்லை என்றால் அந்தச் சார்ஜரை நிறுத்துங்கள். போன் சூடாக இருந்தால் உறையைக் கழற்றி, மெத்தையிலிருந்து எடுத்து மேசையிலோ தரையிலோ வையுங்கள், விளையாட்டையும் ஹாட்ஸ்பாட்டையும் அணையுங்கள்.

மூன்றாவது இடம்தான் முக்கியம். போன் சார்ஜருக்காக சாக்கெட் சூடாகவே கூடாது. சாக்கெட்டோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ சூடாக இருந்தால், பழுப்பாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், பக்கத்தில் போனால் கருகிய வாடையோ மீன் வாடையோ அடித்தால், ஸ்விட்சை அணைத்துவிட்டு அன்றே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். விடுதியில் என்றால் வார்டனிடம். நாளைக்குச் சொல்கிறேன் என்று மறுபடி அதிலேயே மாட்டாதீர்கள்.

விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி. சார்ஜர் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் அடுப்பு, இவற்றில் எதையும் ஒரு நிமிடம்கூட மாட்டக்கூடாது. நான்கு போனை மாட்டினால் அந்தப் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கெட்டிலை மாட்டினால் ஆகும்.

போனின் பின் மூடி உப்பியிருக்கிறதா, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அதை இனி ஒரு முறைகூட சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிச் சரி செய்யப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தாதீர்கள். அணைத்து, வெறும் தரையில் வைத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சார்ஜில் இருக்கிற போனைத் தொடும்போது சுள்ளென்று இருந்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். சுவர் ஸ்விட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கேளுங்கள், அதில் சாதாரணமானதும் உண்டு, ஆபத்தானதும் உண்டு.

புகை வந்தால் போனைக் கையால் எடுக்காதீர்கள். அறையை விட்டு வெளியே வாருங்கள், கத்துங்கள், மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள், 101 அல்லது 112. போன் போனால் போகட்டும்.

கேள்வி இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.

(உரை இவ்வளவுதான். நிதானமாகப் படித்தால் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.)

அறிகுறி: சாக்கெட் அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறது, கறுத்திருக்கிறது, வாடை வருகிறது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். போன் பேட்டரி வெடிப்பது செய்தியில் வருகிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகுவது வருவதில்லை. ஆனால் எந்த விடுதியிலும் அறை அறையாகப் போய்ப் பார்த்தால் உப்பிய பேட்டரியை விட உருகின பாக்ஸ்தான் முதலில் கண்ணில் படும்.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், நான்கு கட்டில், சுவரில் ஒரே ஒரு 6 ஆம்பியர் பாயின்ட். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் போகிறது. அதில் நான்கு 33 வாட் சார்ஜர். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால்கூட மொத்தம் சுமார் 150 வாட், ஓர் ஆம்பியர் சுமாருக்கு மின்னோட்டம். பாக்ஸுக்கு இது ஒரு சுமையே இல்லை. நான்கு சார்ஜர் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து "ஓவர்லோடு" என்று திட்டுகிற வார்டன் தப்பான இடத்தில் கோபப்படுகிறார்.

இப்போது இரவு பதினொரு மணிக்கு ஒருவன் அதே பாக்ஸில் 1500 வாட் கெட்டிலை மாட்டுகிறான். 1500-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். கெட்டில் ஒன்றே அந்தப் பாயின்ட்டின் 6 ஆம்பியர் வரம்பைத் தாண்டிவிட்டது. சரி, கொஞ்சம்தானே தாண்டியது, நான்கு நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடுமே என்பான். அவன் சொல்வதில் தப்பில்லை, புது சாக்கெட்டாக இருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது.

பிரச்சினை சாக்கெட்டுக்குள் இருக்கிற பித்தளைத் தகட்டில். பிளக்கின் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டியது அதுதான். பல மாதம் மாட்டிக் கழற்றி அது தளர்ந்துவிட்டால், கம்பியும் தகடும் முழுதாகத் தொடாமல் ஓரிரு புள்ளியில் மட்டும் தொடும். அந்த இடத்தில் மின்தடை ஏறும். அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உருவாகிற வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது, பத்தாம் வகுப்பில் படிக்கிற ஜூல் விதிதான். ஒரு சார்ஜர் இழுக்கிற 0.3 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 0.045 வாட், கைக்குத் தெரியாது. கெட்டிலின் 6.5 ஆம்பியருக்குப் போட்டால் 21 வாட். இயற்பியல் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அந்தச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி.

சூடானதும் தகடு இன்னும் தளரும், பித்தளை மேல் ஆக்சைடு படியும், மின்தடை இன்னும் ஏறும், அடுத்த முறை இன்னும் சூடாகும். கெட்டில் நான்கு நிமிடம்தான் ஓடுகிறது என்பதால் பல வாரம் இப்படியே தள்ளும். அப்புறம் ஒருநாள் யாரோ இண்டக்‌ஷன் அடுப்பில் இருபது நிமிடம் நூடுல்ஸும் முட்டையும் செய்வான், அல்லது நான்கு பேரும் வரிசையாகச் சட்டை தேய்ப்பார்கள், அன்றைக்குப் பாக்ஸ் உருகும்.

"எம்.சி.பி. இருக்கிறதே சார், விழுந்துவிடாதா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். விழாது. எம்.சி.பி. என்பது மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் தானாக விழுகிற ஸ்விட்ச், அறைக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர். அது பார்ப்பது எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை மட்டும். தளர்ந்த தொடுப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, அதே 6.5 ஆம்பியர்தான், சூடு மட்டும் ஓரிடத்தில் சேருகிறது. உயிர் காக்கிற ஆர்.சி.சி.பி.யும் இதைப் பிடிக்காது, அது பார்ப்பது எர்த்துக்குக் கசிகிற மின்னோட்டத்தை. ஆக சாக்கெட் கருகிக்கொண்டிருக்கும்போது அறையில் எந்தக் கருவியும் சத்தம் போடாது. அதனால்தான் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைப் பிளாஸ்டிக்கில் பிடித்து இழுங்கள். கொஞ்சம் பலம் போட்டால்தான் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு தானாக வந்தால், அல்லது மாட்டியிருக்கும்போதே தலை தொங்கினால், தகடு தளர்ந்துவிட்டது. பிளக்கின் கம்பியைப் பாருங்கள், ஒரு கம்பி மட்டும் பளபளப்பு போய் நீலமோ கறுப்போ படிந்திருந்தால் சூடான துளை அதற்கு நேரே இருப்பதுதான். ஸ்விட்ச் போடும்போது உள்ளே 'சர்ர்' என்று பொரிகிற சத்தம் கேட்டால் அது தீப்பொறி. மீன் வாடை என்று உரையில் சொன்னது வேடிக்கைக்கு இல்லை, சில சாக்கெட்டுகளின் பிளாஸ்டிக் சூடாகும்போது கருவாட்டு வாடைதான் வரும், மெஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த சாக்கெட்டை மாற்ற வேண்டும், மாற்றுவது எலக்ட்ரீஷியன். மாணவர் செய்யக்கூடியது, ஸ்விட்சை அணைத்து அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டுச் சொல்வது. கருகிய துளையை விட்டுவிட்டு அதே பாக்ஸின் அடுத்த துளையைப் பயன்படுத்துவது சரியில்லை, உள்ளே எல்லாத் துளைக்கும் ஒரே நீளத் தகடுதான் ஓடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னும் சில. பெரிய மூன்று பின் பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதை விடுதிக்குள் விடாதீர்கள். 16 ஆம்பியர் பிளக் பெரிதாக இருப்பதே சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது என்றுதான். எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் மாட்டினால் தளரக்கூடிய தொடுப்பு இரட்டிப்பாகிறது. அப்புறம் ஒயர். மெல்லிய ஒயர் உள்ள பாக்ஸ் போனுக்கு மட்டும்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் இல்லாத எதிலும் கெட்டிலுக்கு இடமில்லை. ஒயரை இரும்புக் கட்டில் காலுக்கு அடியிலோ கதவு இடுக்கிலோ விடாதீர்கள், உறை கிழிந்தால் கட்டில் முழுக்க மின்சாரம் ஏறும்.

அறிகுறி: போன் மட்டும் சூடாகிறது, அல்லது சார்ஜ் ஏறாமல் நிற்கிறது

இது பெரும்பாலும் ஆபத்தில்லை, போன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. அந்த அளவை நெருங்கும்போது போன் வேகத்தைக் குறைக்கும், இன்னும் ஏறினால் சார்ஜிங்கை நிறுத்திவிட்டு எச்சரிக்கை காட்டும். மே மாதம் மேல் மாடி விடுதி அறையில், தளத்துச் சூடு இறங்குகிற நேரத்தில், அறையே 38 டிகிரி இருக்கும்போது போனுக்கு மிச்சம் இருப்பது ஏழு டிகிரிதான். அப்போது சார்ஜர் கெட்டுப்போச்சு என்று புதிது வாங்கப் போக வேண்டாம். உறையைக் கழற்றி, ஃபேன் காற்று படுகிற தரையில் வைத்துப் பாருங்கள். அமைப்புகளில் Fast charging என்று இருந்தால் அதை அணைத்தால் மெதுவாக ஏறும், சூடும் குறையும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளுக்குள் நீர் கோர்க்கும்.

இரவெல்லாம் சார்ஜ் போடலாமா? பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். நூறு ஆனதும் போன் தானாகவே உள்வாங்குவதை நிறுத்திக்கொள்ளும், 'அளவுக்கு மீறி ஏறி வெடிக்கும்' என்பது ஒழுங்கான போனில் நடப்பதில்லை. நூறிலேயே பல மணி நேரம் வைத்திருந்தால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் கிழடாகும், அவ்வளவுதான். 80-ல் நிறுத்துகிற வசதி பல போன்களில் வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எங்கே வைத்து இரவெல்லாம் போடுகிறாய் என்பதில்தான் விஷயம். சார்ஜ் ஏறும்போது போனும் சார்ஜரும் ஆளுக்குக் கொஞ்சம் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். மேசையில் அது காற்றோடு போய்விடும். தலையணைக்கு அடியில் பஞ்சு அதைப் போகவிடாது. அங்கே பழைய பேட்டரியோ அடிபட்ட பேட்டரியோ இருந்து அது பற்றினால், சுற்றி இருப்பதெல்லாம் துணி, பக்கத்தில் தலை. விடுதியில் மேல் கட்டிலில் படுக்கிறவர்கள் வைக்க இடமில்லாமல் நெஞ்சில் போட்டுக்கொண்டே தூங்குவார்கள். அவர்களுக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லுங்கள்.

அறிகுறி: கேபிளை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது

இரண்டில் ஒன்று. இன்னொருவரின் கேபிளை மாட்டிப் பாருங்கள். சரியாக ஏறினால் உங்கள் கேபிளின் கழுத்தில் செப்பு இழைகள் அறுந்துவிட்டன, மிச்சம் இருக்கிற இரண்டு இழையில் முழு மின்னோட்டமும் போகிறது, அதனால் அந்தக் கழுத்து சூடாகும். சாக்கெட் கதைதான், சின்ன அளவில். டேப் சுற்றி ஓட்டாதீர்கள், இழை ஒட்டாது.

வேறு கேபிளிலும் அதே கதை என்றால் போனின் துளையில் பஞ்சு அடைத்திருக்கும். பேன்ட் பாக்கெட்டில் போட்டுப் போட்டு, ஒவ்வொரு முறை கேபிள் குத்தும்போதும் அந்தப் பஞ்சு உள்ளே இறுகும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பினால் சின்ன உருண்டையாக வந்துவிடும். குண்டூசி, சேஃப்டி பின் வேண்டாம், உள்ளே இருக்கிற தொடுமுனைகளைச் சேர்த்துவிடும்.

ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் நம்புங்கள். கேபிளை எடுத்து, துளை கீழே பார்க்கிற மாதிரி பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, ஃபேன் காற்றில் சில மணி நேரம் விடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் போனால், அதிலும் வியர்வை உப்பு கலந்திருந்தால், அந்த முனைகள் பச்சைப் பூத்து அரித்துப் போகும். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை, அரிசி மாவுதான் துளைக்குள் போகும்.

அறிகுறி: தொட்டால் சுள்ளென்கிறது

இது பிள்ளைகளை அதிகம் குழப்புவது, பெரியவர்களையும்தான். உலோக உடம்புள்ள போனோ மடிக்கணினியோ சார்ஜில் இருக்கும்போது, வெறுங்காலோடு நின்று விரலின் பின்பக்கத்தால் லேசாக வருடினால் ஒரு நடுக்கம், மணல் மேல் வருடுகிற மாதிரி. அழுத்திப் பிடித்தால் தெரியாது. செருப்பு போட்டாலும் தெரியாது. இரண்டு பின் சார்ஜர்களில் இது வழக்கமானது. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே, ரேடியோ இரைச்சலை அடக்க ஒரு சின்ன மின்தேக்கி வைப்பார்கள், அதன் வழியாக ஒரு மில்லி ஆம்பியரில் சின்னப் பங்கு கசியும். அது ஆளைக் கொல்கிற அளவு இல்லை.

மூன்று பின் அடாப்டர் உள்ள மடிக்கணினியில் இதே நடுக்கம் தெரிந்தால் அர்த்தம் வேறு. மூன்றாவது பின் அந்தக் கசிவை எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும், போகவில்லை. ஒன்று யாரோ மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றுகிற துண்டைப் போட்டிருக்கிறார்கள், அல்லது அந்தச் சாக்கெட்டில் எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. அதே வரிசையில் இருக்கிற வாட்டர் கூலருக்கும் எர்த் இல்லாமல் இருக்கலாம், அது இதைவிடப் பெரிய விஷயம். ஆக இந்தப் புகார் வந்தால் மடிக்கணினியை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டடத்தின் எர்த்தைச் சோதிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நடுக்கமாக இல்லாமல் கையை உதறித் தள்ளுகிற அடியாக இருந்தால், அல்லது அழுத்திப் பிடித்தாலும் குறையவில்லை என்றால், அந்தச் சார்ஜர் முடிந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்த பிறகே கழற்ற வேண்டும், அப்புறம் குப்பையில் போட்டு வேறொருவன் பொறுக்கி எடுக்காதபடி அதன் ஒயரை வெட்டிவிடுங்கள். நல்ல சார்ஜரில் 230 வோல்ட் பக்கமும் போன் பக்கமும் சில மில்லிமீட்டர் இடைவெளியோடு பிரிந்திருக்கும். பேருந்து நிலையத்தில் கூறு போட்டு விற்கிற சார்ஜரில் அந்த இடைவெளியைத்தான் முதலில் மிச்சம் பிடித்திருப்பார்கள், வெளியே பார்த்தால் தெரியாது. வாங்கும்போது பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கிற சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும் R- என்று தொடங்குகிற எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை BIS Care செயலியில் தட்டினால் எந்தத் தயாரிப்பாளருக்குத் தந்தது என்று காட்டும். பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு, ஈரக் காலோடு, சார்ஜில் இருக்கிற போனை எடுப்பதை மட்டும் எந்தச் சார்ஜராக இருந்தாலும் செய்ய வேண்டாம். ஈரத்தோலில் மின்சாரம் நுழைவது பல மடங்கு சுலபம்.

அறிகுறி: பேட்டரி உப்பியிருக்கிறது, இனிப்பான கரைப்பான் வாடை, புகை

பேட்டரிக்குள் இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகி, அது வெளியே போக வழியில்லாமல் உறையைத் தள்ளுவதுதான் உப்பல். திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிவது, மேசையில் வைத்தால் போன் ஆடுவது, பின் மூடி 'டக்' என்று தானாகத் திறந்துகொள்வது, இவைதான் முதல் அடையாளம். பவர் பேங்க்கிலும் இதேதான், அதில் திரை இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

அமுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பேட்டரிக்குள் நேர் தகடும் எதிர் தகடும் தலைமயிரை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலத்தால்தான் பிரிந்திருக்கின்றன. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்களே, மறு ஆண்டு ஜனவரியில் அந்த நிறுவனமே சொன்ன காரணங்களில் ஒன்று, பேட்டரியின் ஒரு மூலையில் எதிர் தகடு வளைந்திருந்தது என்பது. தொழிற்சாலையில் ஏற்பட்ட அந்தச் சின்ன வளைவுக்கே அப்படி என்றால், கட்டைவிரலால் அமுக்குவதை யோசித்துக்கொள்ளுங்கள்.

போனை அணையுங்கள். படங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று கடைசியாக ஒரு முறை சார்ஜ் போடும் ஆசை வரும், வேண்டாம். துணி, மெத்தை, அலமாரி இல்லாத இடத்தில், சிமென்ட் தரையிலோ உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ வைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் பையில் புத்தகங்களுக்கு நடுவே திணிக்காமல் தனியாக. கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, குப்பை லாரி அதை நசுக்கும். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

புகையோ 'ஸ்ஸ்' சத்தமோ தொடங்கிவிட்டால் நேரம் நொடிக்கணக்கில்தான். அந்தப் புகை நஞ்சு, குனிந்து ஊத வேண்டாம். எல்லோரும் வெளியே, கதவைச் சாத்துங்கள், மெயினை அணையுங்கள். மெயின் அணைந்தது உறுதி என்றால், பெரியவர் ஒருவர் தள்ளி நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். மின்சாரத் தீக்குத் தண்ணீர் கூடாது என்று படித்திருப்போம், அது மின்னிணைப்பு இருக்கும்வரை. இணைப்பு போன பிறகு பேட்டரியைக் குளிர வைக்கத் தண்ணீரை விட நல்லது இல்லை. மணல் தீயை மூடும், ஆனால் உள்ளே பிறக்கிற சூட்டை எடுக்காது. அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றுவது இதன் வழக்கம், அதனால் தீயணைப்பு வீரர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.

வார்டன்களுக்கு மட்டும்

கெட்டில் வைத்திருந்தால் அபராதம் என்று பலகை எழுதி வைத்திருக்கிற விடுதியில் கருகிய சாக்கெட் பற்றி யாரும் புகார் தர மாட்டார்கள், ஏன் கருகியது என்று கேட்பீர்களே. அதனால் சாக்கெட் பற்றிச் சொல்ல வருகிறவரிடம் காரணம் கேட்பதில்லை என்று அசெம்பிளியிலேயே அறிவித்துவிடுங்கள். இரவு பத்தரை வரை மெஸ்ஸில் வெந்நீர் கிடைத்தால் பாதிக் கெட்டில் தானாக ஊருக்குப் போய்விடும். இஸ்திரிக்குத் தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட். சார்ஜிங்குக்கு அறைக்கு வெளியே ஒரு கடப்பா கல் அலமாரி, அதற்குத் தனி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், பூட்டுப் போட்ட கம்பி வலைக் கதவும். வலைக் கதவாகவே இருக்கட்டும், மரக்கதவு போட்டால் சூடும் உள்ளேயே நிற்கும், புகை வந்தாலும் தெரியாது.